லேபிள் வந்துவிட்டது, பசை வரவில்லை

ஊறுகாய் தீர்ந்துபோன கண்ணாடி பாட்டிலை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் லேபிள் தானாக நழுவி மிதக்கும். தேய்க்கவே வேண்டாம். அதே அலமாரியில் இருந்து எடுத்த ஜாம் பாட்டிலை அதே வாளியில் அதே நேரம் ஊறவைத்தாலும் கதை வேறாகிறது. காகிதம் கூழாகிப் போகிறது. அடியில் ஒரு பசைப் படலம் மட்டும் அசையாமல் நிற்கிறது. ஸ்க்ரப்பர் கொண்டு தேய்த்தால் அது இடம் மாறுகிறதே தவிர குறைவதில்லை. ஸ்க்ரப்பரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. பாட்டிலில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பரவுகிறது. அதன்பின் அந்தப் பாட்டிலை எங்கே வைத்தாலும் தூசி வந்து அப்பிக்கொள்கிறது.

வித்தியாசம் பாட்டிலில் இல்லை, பசையில். முதல் பாட்டிலில் இருந்தது மாவுப்பொருள் அல்லது பால் புரதத்தில் செய்த பசை. ஈரமாகப் பூசி, காய்ந்து இறுகியபின் பிடித்துக்கொள்ளும் வகை. நீர் பட்டதும் மறுபடி இளகிவிடும். இரண்டாவது பாட்டிலில் இருப்பது காயவே காயாத பசை. அழுத்தினால் ஒட்டும், அவ்வளவுதான். ஸ்டிக்கர், விலைச் சீட்டு, செலோடேப், பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் எல்லாமே இந்த இரண்டாவது குடும்பம். பாட்டிலை ஊறவைத்து எடுத்ததும் லேபிள் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். வழுக்கினால் மாவுப்பசை, இன்னும் கொஞ்சம் ஊறினால் போதும். விரலைப் பிடித்து இழுத்தால், இனி எத்தனை மணி நேரம் தண்ணீரில் போட்டாலும் பயனில்லை.

இந்தக் காயாத பசை வீடுகளுக்குள் வந்து நூறு ஆண்டுதான் ஆகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ, கார்களுக்கு இரட்டை வண்ணம் அடிப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்து, 1925-இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். பெயிண்ட் அடிக்கும்வரை ஒட்டியிருக்க வேண்டும், முடிந்ததும் உரிந்து வர வேண்டும் என்பதுதான் தேவை. 1930-இல் அவரே கண்ணாடி போன்ற செலோபேன் டேப்பையும் உருவாக்கினார். 1935-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான்டன் ஏவரி, பின்தாளை உரித்து ஒட்டும் லேபிள்களைத் தயாரிக்கத் தொடங்கினார். பழைய டேப்களின் பசைக்கு அடிப்படை இரண்டு பொருள்கள்: இழுத்தால் நீளும் ரப்பர், அதற்கு ஒட்டும் குணம் தரும் மரப்பிசின் போன்ற ஒரு பிசின். பின்னாளில் அக்ரிலிக் என்ற செயற்கைப் பொருளிலும் பசை செய்தார்கள். இன்றைய லேபிள்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும். இரண்டுமே தண்ணீரில் கரையாதவை.

ஆக, பாட்டிலில் ஒட்டியிருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. மேலே காகிதமோ பிளாஸ்டிக் தாளோ, கீழே பசை. இரண்டையும் ஒரே மருந்தால் ஒரே சமயத்தில் எடுக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. லேபிளின் மேல் எண்ணெயைத் தடவினால், வழவழப்பான தாள் அதை உள்ளே விடாது. பசைவரை எண்ணெய் போய்ச் சேராது. முதலில் தாள் போக வேண்டும். பிறகுதான் பசையோடு பேச்சு.

தாளை எடுக்க வெதுவெதுப்பான சூடு நல்ல துணை. சூடு ஏறினால் பசை இளகி, பிடி தளர்கிறது. வெளியே லேபிளைச் சுடவைப்பதைவிட, பாத்திரத்துக்கு உள்ளே வெந்நீரை ஊற்றுவது எளிது. சுவர் வழியாகச் சூடு பசைக்கு நேராகப் போய்ச் சேரும். தாளும் நனையாது, கிழியாது. ஐந்து நிமிடம் விட்டு, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, லேபிளை மேல்நோக்கித் தூக்காமல், பின்பக்கமாக மடித்துப் பாத்திரத்தின் மேலேயே படுத்தவாறு மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காகிதம் கிழிந்து பாதி நின்றுவிடும்.

சூடு அதிகமானாலும் தொல்லைதான். பசை ரொம்ப இளகிவிட்டால், சவ்வு மிட்டாயை இழுத்ததுபோல் நடுவில் பிய்ந்து, ஒரு பாதி தாளோடும் மறுபாதி பாத்திரத்தோடும் போய்விடும். லேபிளைக் கிளப்பும்போது நூல் நூலாக இழை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் கொஞ்சம் ஆறவிட்டு இழுத்தால் முழுசாக வரும்.

இனி ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்க்கலாம். அரைக்கிலோ ஜாம் பாட்டில், சுற்றிலும் காகித லேபிள். முதலில் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் அலசுகிறார்கள். பிரிட்ஜில் இருந்து எடுத்த கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விழக்கூடும். பிறகு கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரை உள்ளே நிரப்பி மூடி, ஐந்து நிமிடம் வைக்கிறார்கள். லேபிளின் ஓரம் கிளம்பி, முக்கால் பங்கு வந்துவிடுகிறது. மிச்சம் நிற்கும் காகிதத் துணுக்குகளைச் சோப்பு நீரில் ஊறவைத்து விரலாலேயே உருட்டி எடுக்கிறார்கள். இப்போது வெறும் பசை மட்டும். பாட்டிலை நன்றாகத் துடைத்துக் காயவைப்பது இங்கே முக்கியம். ஈரம் இருந்தால் எண்ணெய் பசையைத் தொடாமல் தண்ணீர் தடுத்துவிடும்.

பசையின் மேல் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்திருந்தால் இளக்கிக்கொள்ள வேண்டும். தடவியதும் தேய்க்கத் தொடங்கக் கூடாது. இருபது நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். எண்ணெயும் ரப்பர்ப் பசையும் ஒரே இயல்புள்ளவை. எண்ணெய் மெல்ல மெல்லப் பசைக்குள் புகுந்து அதை உப்பச் செய்கிறது. உப்பிய பசை கண்ணாடியை விட்டுவிடுகிறது. இந்த வேலை கை பலத்தால் நடப்பதில்லை, நேரத்தால் நடக்கிறது. சமையல் எண்ணெயின் மூலக்கூறுகள் பெரியவை, மெதுவாகத்தான் உள்ளே போகும். தடவிய உடனே தேய்த்துவிட்டு, இது எதற்கும் உதவாது என்று ஒதுக்கியவர்கள் ஏராளம்.

அரை மணி கழித்து விரலால் வட்டமாகத் தேய்த்தால் பசை சிறு சிறு உருண்டைகளாகத் திரளும். அதுதான் வேலை நடந்ததற்கு அடையாளம். பழைய துணியால் துடைத்தெடுத்து, எங்கே இன்னும் ஒட்டுகிறதோ அங்கே மட்டும் மறுபடி எண்ணெய். பிடிவாதமான இடத்துக்கு எண்ணெயில் சம அளவு சமையல் சோடாவைக் குழைத்துத் தடவலாம். எண்ணெய் வழிந்து ஓடாமல் நிற்கும். சோடாத் துகள் லேசாக உரசிக்கொடுக்கும். கண்ணாடியைவிடச் சோடா மிருதுவானது என்பதால் கீறல் விழாது. கடைசியில் பாத்திரம் துலக்கும் சோப்பை நீர் கலக்காமல் நேரடியாக எண்ணெய் மேல் போட்டுத் தேய்த்து, அதன்பின் வெந்நீரில் அலச வேண்டும். முதலில் நீரை ஊற்றினால் எண்ணெயும் பசையும் சேர்ந்த பிசுக்கு மறுபடி பாட்டில் முழுவதும் பரவும்.

எண்ணெய் அரை மணி இருந்தும் பசை உருளவில்லை என்றால் அது அக்ரிலிக் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர்ப் பசை நாளாக ஆக மஞ்சள் பூக்கும். அக்ரிலிக் நிறம் மாறாமல் தெளிவாகவே இருக்கும். அக்ரிலிக்குக்கு எண்ணெயைவிட ஸ்பிரிட் நன்றாக வேலை செய்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ, வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆல்கஹால் சானிடைசரோ போதும். முன்பு தடவிய எண்ணெயைச் சோப்பு போட்டு நீக்கிவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைப் பசை மேல் போட்டு மூடி வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆவியாகிப் போய்விடும். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

இவை இரண்டையும்விடக் கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் சிறந்த ஒன்று, பல தமிழ் வீடுகளின் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. நீலகிரித் தைலம். யூகலிப்டஸ் மரத்தின் இலைகளை ஆவியில் வடித்து எடுக்கிற தைலம் இது. சளிக்கு ஆவி பிடிக்க வைத்திருப்பார்கள். அதன் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். தேங்காய் எண்ணெயைப் போலவே பசையோடு கலக்கும், ஆனால் மூலக்கூறு சிறியது, அதனால் விரைவாகப் புகும். அரை மணி நேர வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். பஞ்சில் ஐந்தாறு சொட்டு விட்டு, பசை மேல் ஒற்றி, காத்திருந்து, துடைத்தால் போதும். துடைத்தபின் தானும் ஆவியாகிவிடும் என்றாலும் சாப்பாட்டுப் பாத்திரம் என்றால் சோப்பு போட்டு இருமுறை கழுவ வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும். குழந்தைகள் கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்தானது. வேலை முடிந்ததும் குப்பியை உயரத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

மண்ணெண்ணெயும் இதே வழியில் வேலை செய்கிறது. பழைய தலைமுறையில் அதுதான் வழக்கம். ஆனால் நாற்றம் போக நாளாகும், தீ அபாயமும் உண்டு. உணவு வைக்கும் எதிலும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பெட்ரோலைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது. அறையில் பரவும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

எவர்சில்வர் பாத்திரம் வாங்கிவந்ததும் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எடுக்கப் பலர் பாத்திரத்தை அடுப்பில் காட்டுவார்கள். சில நொடி காட்டினால் ஸ்டிக்கர் உரிந்துவருவது உண்மைதான். ஆனால் அந்தச் சில நொடியைக் கையால் அளக்க முடியாது. கொஞ்சம் கூடிப்போனால் பசை கருகிப் பழுப்பு வட்டமாகப் படிந்துவிடும். கருகிய பசை இனி எண்ணெய்க்கும் ஸ்பிரிட்டுக்கும் கட்டுப்படாது, அது கரியாகிவிட்டது. ஸ்டிக்கர் அடியில் இருப்பதைக் கவனிக்காமல் புதுப் பாத்திரத்தில் பால் காய்ச்சியவர்களுக்கு இந்த வட்டம் நன்றாகத் தெரியும். அதற்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, சில மணி நேரம் விட்டு, நார் கொண்டு தேய்ப்பதுதான் வழி. ஒரே தடவையில் போகாது. ஸ்டிக்கர் உள்பக்கம் இருந்தால் பாத்திரத்தைக் கவிழ்த்து, வெளிப்பக்கத்தில் வெந்நீரை ஊற்றலாம். அடியில் இருந்தால் உள்ளே கொதிநீரை ஊற்றலாம். எவர்சில்வர் சூட்டுக்கு அஞ்சாது, விரிசல் பயமும் இல்லை. பிடிக்கத் துணி மட்டும் வேண்டும்.

எவர்சில்வரின் பலவீனம் வேறு இடத்தில். அதன் பளபளப்பில் கம்பி நார் பட்டால் கோடு விழும். கத்தியால் சுரண்டினாலும் அப்படியே. பசை போய்விடும், கீறல் ஆயுளுக்கும் நிற்கும். மங்கலான மேற்பரப்புள்ள பாத்திரமாக இருந்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். துடைப்பதும் அதே திசையில்தான் இருக்க வேண்டும். சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் காலாவதியான ஏடிஎம் அட்டையின் ஓரம் போதும். பிளேடு கண்ணாடிக்கு மட்டும். அதுவும் சோப்பு நீரில் நனைத்து, கிட்டத்தட்டப் படுக்கவைத்து, ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். வளைந்த பாட்டிலில் பிளேடின் மூலை குத்திக் கோடு போடும் என்பதால் அங்கேயும் அட்டையே மேல்.

பிளாஸ்டிக்குக்கு வந்தால் எல்லாக் கணக்கும் மாறுகிறது. கண்ணாடியும் எவர்சில்வரும் எந்தக் கரைப்பானுக்கும் அசையாதவை. பிளாஸ்டிக்கோ, பசையைப் போலவே எண்ணெய்க் குடும்பத்தில் பிறந்தது. பசையைக் கரைக்கும் சில திரவங்கள் டப்பாவையும் சேர்த்துக் கரைத்துவிடும். டப்பாவைத் திருப்பி, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும்.

5 என்றால் பாலிபுரொப்பிலீன், 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன். மளிகை டப்பாக்கள், தயிர் வாளிகள், எண்ணெய் கேன்கள் பலவும் இவைதான். இவற்றில் எண்ணெயும் ஸ்பிரிட்டும் தைரியமாகப் பயன்படுத்தலாம். பொதுவாகவே பசை இவற்றில் நன்றாகப் பிடிப்பதில்லை என்பதால் வேலையும் சுலபம். 1 என்றால் தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் வகை. 70 டிகிரிச் சூட்டுக்கு மேல் இளகிக் கோணலாகிவிடும்; இதில் வெந்நீர் வித்தை கூடாது, வெதுவெதுப்பான சோப்பு நீரும் தேங்காய் எண்ணெயும் போதும். 6 என்பது பாலிஸ்டைரீன், கைதட்டினால் நொறுங்கும் தெளிவான டப்பாக்கள். 7 என்பதில் பல வகை அடக்கம். கெட்டியான கண்ணாடி போன்ற பாலிகார்பனேட்டும் அதில் வரும். இவை இரண்டுக்கும் நீலகிரித் தைலம் வேண்டாம். குறிப்பாகப் பாலிஸ்டைரீனை அது இளக்கிவிடும்.

நெயில் பாலிஷ் ரிமூவர் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். கண்ணாடியில் அதைத் தாராளமாகப் பூசலாம். தெளிவான பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் வெள்ளையாக மங்கும், அல்லது மயிரிழை விரிசல் ஓடும், பாலிஸ்டைரீன் என்றால் உருகிக் குழைந்துவிடும். அது அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கே சிதைந்தது. எதைக் கொண்டும் திருப்பிக் கொண்டுவர முடியாது. எண் தெரியாத டப்பா என்றால் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் எதையும் முதலில் தொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தெளிவான பிளாஸ்டிக்கில் சோடாவும் வேண்டாம். கண்ணாடிக்கு மிருதுவான அது, இங்கே பளபளப்பைக் குறைக்கும்.

புதிய பசையாக இருந்தால் பிளாஸ்டிக்கில் எந்தத் திரவமும் இல்லாமலே ஒரு வழி உண்டு. ஒரு துண்டு டேப்பை எடுத்துப் பசை மேல் அழுத்தி, வெடுக்கென்று உரிக்க வேண்டும். மறுபடி அழுத்தி மறுபடி உரிக்க வேண்டும். பசை பசையோடு நன்றாகச் சேரும், டப்பாவைவிட்டு டேப்போடு போய்விடும். விலைச் சீட்டு விட்டுப்போன மெல்லிய படலத்துக்கு இதைவிடச் சுத்தமான முறை இல்லை.

ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட டேப் இன்னொரு சிக்கல். காற்றும் ஒளியும் பட்டு ரப்பர்ப் பசை முதலில் கூழாக இளகி, பிறகு காய்ந்து பொடியாகும். பொடியும் நிலைக்கு வந்த பசை எண்ணெயை உள்வாங்குவதே இல்லை. அதை அட்டையால் உலர்வாகவே சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் மிஞ்சும் மஞ்சள் படலத்துக்கு மட்டும் தைலம் போட வேண்டும். பிளாஸ்டிக்கில் அந்த மஞ்சள் உள்ளே இறங்கியிருந்தால் கறை நிற்கும்.

எல்லாம் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். கழுவிக் காய்ந்த கண்ணாடியில் வாயால் ஊதினால், பசை மிஞ்சிய இடம் ஆவி படியும்போது வேறு நிறமாகத் தெரியும். எவர்சில்வரில் நீரை ஊற்றிப் பார்க்கலாம். சுத்தமான இடத்தில் நீர் ஒரே விரிப்பாக ஓடும், எண்ணெய் மிஞ்சிய இடத்தில் துளித்துளியாக ஒதுங்கும். துளி நின்றால் இன்னொரு முறை சோப்பு. பிளாஸ்டிக்கில் இந்தச் சோதனை பொருந்தாது, அது சுத்தமாக இருந்தாலும் நீரை ஒதுக்கும். அங்கே கொஞ்சம் முகப் பவுடரைத் தூவி ஊதினால் போதும். பசை இருக்கும் இடத்தில் பவுடர் நிற்கும்.

ஐஸ்கிரீம் டப்பா, பெயிண்ட் வாளி போன்றவற்றில் என்ன செய்தாலும் லேபிள் வராமல் சிலர் நாள் முழுவதும் போராடுவதுண்டு. அவற்றில் பலவற்றுக்கு லேபிள் ஒட்டப்படுவதே இல்லை. அச்சடித்த மெல்லிய தாளை அச்சுக்குள் வைத்து, உருகிய பிளாஸ்டிக்கை அதன்மேல் செலுத்தி டப்பாவை வார்க்கிறார்கள். தாளும் டப்பாவும் ஒன்றாக உருகிச் சேர்ந்துவிடுகின்றன. நகத்தால் ஓரம் முழுவதும் தடவிப் பார்த்தாலும் விளிம்பு தட்டுப்படாது. அங்கே எடுப்பதற்குப் பசையும் இல்லை. படம் பிடிக்கவில்லை என்றால் அதன்மேல் ஒரு தாளைச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம், அந்தத் தாளை மாவுப்பசையால் ஒட்டினால் பின்னால் தண்ணீரிலேயே கழன்றுவரும்.